ஹப்புத்தளையில் அவளிடம் கேட்கப் போகிறேன்: எந்த இடம், எந்த நேரம்?

கடலோரன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னை. நானும் அவளும் நான்கு வருடமாகப் பழகுகிறோம், இரண்டு வீட்டிலும் தெரியும், கல்யாணம் என்ற பேச்சும் அவ்வப்போது வந்து போகும். ஆனால் நான் வாயைத் திறந்து "என்னைக் கட்டிக்கொள்கிறாயா" என்று ஒரு நாளும் முறையாகக் கேட்டதில்லை. டிசம்பர் கடைசி வாரம் ஐந்து நாள் இலங்கை மலைநாட்டுக்குப் போகிறோம், அங்கே கேட்க வேண்டும். அவளுக்குக் கூட்டம் ஆகாது. போன வருடம் ஒரு உணவகத்தில் பணியாளர்கள் திடீரென்று சுற்றி நின்று கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது முகம் சிவந்து அழுதே விட்டாள். அதனால் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, இடமும் அழகாக இருக்க வேண்டும். ஹப்புத்தளையில் லிப்டன் சீட் என்கிற மலைமுகடு, எல்லவில் ஒன்பது வளைவு ரயில் பாலம், ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை, இந்த மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். போனவர்கள் சொல்லுங்கள். காலையா மாலையா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

கோவை சிவா:
பாலம்தான் நண்பரே, யோசிக்கவே வேண்டாம். 1921-ல் கட்டி முடித்தது, இன்றும் ரயில் ஓடுகிற பாலம், சுற்றிலும் காடும் தேயிலையும். ரயில் வளைந்து வருகிற நேரம் பார்த்துக் கேளுங்கள். டிசம்பரும் நல்ல மாதம், குளிர் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைநாடு முழுக்கக் கொட்டும், அந்த மாதங்களில் மட்டும் போகாதீர்கள்.

கொழும்பு ரிஸ்வான்:
சிவா, ரயில் வருகிற நேரத்தில்தான் அந்தப் பாலத்தில் மொத்தக் கூட்டமும் நிற்கும். ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மேலிருந்து இறங்கி வருகிறார்கள், கடைக்காரர்களும் அந்த நேரத்துக்குத்தான் இளநீரை அடுக்குகிறார்கள். கைதட்டினாலே அழுகிற பெண்ணுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. எண்பது கைப்பேசி அவள் முகத்தைப் படம் பிடிக்கும்.

ஊவாத் தம்பி:
வணக்கம் அண்ணா. நான் ஹப்புத்தளைக்காரன். அப்பா அம்மா இருவரும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், நான் இங்கே ஒரு சின்ன விடுதியில் விருந்தினர்களைக் கவனித்துக்கொண்டு, வழிகாட்டியாகவும் போகிறேன். இப்படிக் கேட்க வந்த சிலருக்குக் கூட இருந்து உதவியும் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதம். சிவா அண்ணா சொன்ன தென்மேற்கு மழை நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக்குப் பொருந்தும். எங்கள் ஊர் ஊவா மாகாணம், மலைமுகட்டின் இந்தப் பக்கம். அந்த மழை மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டி முடித்துவிடும், எங்களுக்கு ஜூன், ஜூலையில் வருவது கச்சான் என்கிற வறண்ட பலத்த காற்றுதான். வானம் தெளிவாக இருக்கும், ஆனால் முகட்டில் நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, மோதிரப் பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கும். எங்களுக்கு மழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர், ஜனவரி வரை இழுக்கும், வடகிழக்குக் காற்றோடு வருவது அது. நீங்கள் சொல்கிற டிசம்பர் கடைசி வாரம் அதற்குள் விழுகிறது. அதோடு பள்ளி விடுமுறை, நத்தார் என்கிற கிறிஸ்துமஸ், புதுவருடம் எல்லாம் சேர்ந்து அறைகளும் நிரம்பிவிடும். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் எங்களுக்கு மழை குறைந்து காற்றும் அடங்கியிருக்கிற காலம். தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

அடுத்தது நேரம். ராத்திரி குளிரில் மேகம் கீழே பள்ளத்தாக்கில் படிந்து கிடக்கும், முகடு மேலே தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏறத் தெற்கே உள்ள சமவெளி சூடாகி, ஈரக்காற்று சரிவில் மேலேறி வரும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் பல நாட்களில் லிப்டன் சீட்டில் நின்றால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க முடியும். பத்து மணிக்கு வந்து "ஒன்றுமே தெரியவில்லையே தம்பி" என்று திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். அதனால் அங்கே என்றால் விடியற்காலைதான். பிப்ரவரியில் சூரியன் 6.20-க்குப் பக்கத்தில் எழும், ஆறு மணிக்கே ஆள் முகம் தெரிகிற வெளிச்சம் வந்துவிடும். ஹப்புத்தளை டவுனிலிருந்து தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை வழியாக ஓட்டோவில் போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து மணிக்காவது கிளம்ப வேண்டும்.

தேன்மொழி:
கடலோரன், நான் இடத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். விடுமுறையின் எந்த நாள் என்பதை யோசித்தீர்களா? சென்னையிலிருந்து விமானம், அப்புறம் கொழும்பிலிருந்து மலைக்கு ஐந்தாறு மணி நேரம் வளைந்து வளைந்து கார். முதல் நாள் அவளுக்குத் தலை சுற்றும், இரண்டாம் நாள் விடிகாலை நான்கரைக்கு எழுப்பினால் எரிச்சல்தான் வரும். கடைசி நாளும் வேண்டாம். கேட்ட பிறகு இருவரும் சும்மா உட்கார்ந்து பேச ஒரு முழு நாளாவது இருக்கட்டும், பெட்டி கட்டுகிற அவசரத்தில் அது கரைந்து போகக் கூடாது. மாதவிலக்கு நாட்களும் குறுக்கே வரலாம், அவளாகச் சொல்லாமல் உங்களுக்குத் தெரியாது. ஒரே நாளில் பூட்டி வைக்காமல் இரண்டு நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முதலாவது சரியில்லை என்றால் வாய் திறக்காமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

மதுரை மகேஷ்:
ஹனிமூனுக்கு இலங்கையைவிட மாலத்தீவு நல்லது, தண்ணீருக்கு மேலேயே அறை, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஐந்து நாள் பேக்கேஜ் விவரம் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

கடலோரன்:
மகேஷ் அண்ணா, இன்னும் கல்யாணமே ஆகவில்லை, கேட்கத்தான் போகிறேன் :)

ஊவாத் தம்பி, தேன்மொழி அக்கா, மிகவும் நன்றி. விடுப்பைப் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கு மாற்றப் பார்க்கிறேன். தம்பி, லிப்டன் சீட்டில் அந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்களா?

மதுரை மகேஷ்:
மன்னிக்கவும் தம்பி, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். வாழ்த்துகள். நல்லபடியாக நடக்கட்டும்.

ஊவாத் தம்பி:
இருப்பார்கள் அண்ணா, அதை மறைக்க மாட்டேன். சூரியோதயம் பார்க்க வார நாளில் பத்துப் பேராவது வருவார்கள். சனி, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள் என்றால் உள்ளூர் வேன்கள் வந்துவிடும். தேயிலை வியாபாரி லிப்டன் உட்கார்ந்திருப்பது போல ஒரு சிலை இருக்கிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசையே நிற்கும். அதனால் உச்சியில் கேட்காதீர்கள். நான் கூட்டிப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: உச்சிக்கு ஓட்டோவில் போங்கள், சூரியனைப் பாருங்கள், ரொட்டியும் தேநீரும் சாப்பிடுங்கள், அப்புறம் ஓட்டோவைக் கீழே தொழிற்சாலைப் பக்கம் அனுப்பிவிட்டு நடந்து இறங்குங்கள். தொழிற்சாலை வரை ஏழு கிலோமீட்டர், முழுக்க இறக்கம். முதல் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே பள்ளத்தாக்கு பார்த்த வளைவுகள் நான்கைந்து வரும். மேலே இருக்கிற கூட்டம் அங்கே இறங்காது, வண்டியிலேயே வந்து வண்டியிலேயே போய்விடுவார்கள். அழகில் உச்சிக்கும் அந்த வளைவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஏழு, ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பெரட்டு என்கிற காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து கொழுந்து பறிக்கிற அம்மாமார் மலைக்கு ஏறுவார்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம், உங்களுக்காக அவர்களை ஒதுங்கச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்காது, ஆனால் அன்றுதான் வேன்கள் வரும். ஆக செவ்வாய், புதன் போன்ற ஒரு நாளில் 6.30-க்கும் 7.15-க்கும் நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரம்தான் உங்களுடையது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தேயிலை வரிசைக்குள் இறங்காதீர்கள், ரோட்டிலேயே நில்லுங்கள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், அதுகூடப் பரவாயில்லை. குளவிதான் பயம். செடிக்கடியிலும் பக்கத்து மரத்திலும் கூடு இருக்கும், தொழிலாளர்களைக் குளவி கொட்டியதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அதே குளவிதான். கலர் புகைக்குச்சி, பட்டாசு எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கோவை சிவா:
பருவமழை விஷயத்தில் நான் நுவரெலியாவை வைத்துச் சொல்லிவிட்டேன், தம்பி திருத்தியது சரிதான். ஆனால் அமைதிதான் வேண்டும் என்றால் ஹப்புத்தளையிலேயே அடிசம் பங்களா இருக்கிறது, 1931-ல் கட்டிய கல் கட்டடம், ரோஜாத் தோட்டம், சத்தமே இருக்காது. அது எப்படி?

கொழும்பு ரிஸ்வான்:
அது இப்போது துறவிகள் மடம் சிவா. சனி, ஞாயிறு, போயா, பள்ளி விடுமுறை நாட்களில்தான் பொதுமக்களை உள்ளே விடுவார்கள், அதாவது கூட்டம் இருக்கிற நாட்களில் மட்டும். போய்ப் பார்க்கலாம், கேட்பதற்கு அது இடமில்லை. உலக முடிவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அதே பாறைக்கு வருவார்கள், கீழே எண்ணூறு மீட்டருக்கு மேல் பள்ளம். படபடப்பில் முழங்கால் போடப்போய் யாராவது தடுமாறினால் என்ன செய்வது?

மல்லிகை:
என் கதையைச் சொல்கிறேன், இதே தவறு உங்களுக்கும் நடக்கலாம். மூன்று வருடம் முன்பு கொடைக்கானலில் இவர் என்னிடம் கேட்பதாகத் திட்டம். இரவு உணவுக்குப் பிறகு தோட்டத்தில் இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு வைத்துத் தரும்படி விடுதிக்குத் தொலைபேசியில் மட்டும் சொல்லியிருக்கிறார். பகலில் பேசியவர் ஒருவர், மாலையில் வேலைக்கு வந்தவர் வேறொருவர். நாங்கள் அறைக்கதவைத் திறந்தால் கட்டிலில் ரோஜா இதழால் பெரிய இதயம், சுவரில் பலூன், "திருமண வாழ்த்துகள்" என்று ஓர் அட்டை. இவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, பாவமாகவும் இருந்தது, அங்கேயே வாசலில் நின்றபடி "சரி, கேளுங்கள்" என்றேன். இன்று நினைத்தாலும் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது, தோட்டம் இல்லை. விடுதியில் யாரிடமாவது சொல்வதாக இருந்தால் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், அறைக்குள் எதையும் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தேன்மொழி:
மல்லிகை சொன்னது முக்கியம். மோதிரம் எங்கே இருக்கப் போகிறது கடலோரன்? பெரிய பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள், கைப்பையில்தான் இருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் உடல் சோதனை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை, ஆனால் பைகள் ஒரே இயந்திரத்தில்தான் போகும். அவள் வரிசை சீக்கிரம் முடிந்துவிட்டால் உங்கள் பைக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். அந்தச் சதுரப் பெட்டியைப் பார்த்தாலே யாருக்கும் தெரிந்துவிடும். மோதிரத்தைச் சின்னத் துணிப்பையில் சுருட்டி, மாத்திரை டப்பா மாதிரி ஒன்றுக்குள் வைத்து, சார்ஜர், வயர் கிடக்கிற அறைக்குள் போட்டுவிடுங்கள். பையைத் திறக்கச் சொன்னால் சற்றுத் தள்ளி வைத்துத் திறக்கலாமா என்று மெதுவாகக் கேளுங்கள்.

கடலோரன்:
இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. இன்னொரு சந்தேகம். தூரத்தில் மறைந்து நின்று படம் எடுக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யலாமா? வாழ்க்கையில் ஒரே முறைதானே, படம் இல்லாமல் போனால் வருத்தமாக இருக்குமே.

மல்லிகை:
கண்டிப்பாக வையுங்கள். எங்களிடம் ஒரு படம்கூட இல்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தேன்மொழி:
நான் வேண்டாம் என்பேன். கூட்டம் பிடிக்காத பெண்ணிடம் தனியாக இருக்கிறோம் என்று நம்ப வைத்துவிட்டு, பின்னால் ஓர் ஆள் புதரில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார் என்று தெரிந்தால், அவள் அழுததையும் பேசியதையும் ஒரு அந்நியர் பார்த்துவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றும். மறுநாள் இருவருமாகச் சேர்ந்து ஒரு படக்காரரை அழைத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகை:
எல்லாப் பெண்களும் அப்படி நினைக்க மாட்டார்கள் அக்கா. நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஊவாத் தம்பி:
அதை அவளைத் தெரிந்த நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் அண்ணா. நான் பார்த்தது மட்டும் சொல்கிறேன்: தேயிலை மலையில் ஒளிந்து நிற்க இடம் கிடையாது. செடி இடுப்பளவுதான், கேமராவோடு ஒருவர் நின்றால் அரைக் கிலோமீட்டரிலிருந்தே தெரியும். ட்ரோனுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதன் சத்தம் அந்த விடியற்காலை அமைதியில் மலை முழுக்கக் கேட்கும்.

எந்தக் காலை தெளிவாக இருக்கும் என்று முந்தின இரவே ஓரளவு சொல்லலாம். ஒன்பது மணிக்கு முகட்டில் தெற்குப் பக்கமாக நின்று பாருங்கள். கீழே சமவெளியின் விளக்குகள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்து, மேலே நட்சத்திரமும் இருந்தால் காலை பெரும்பாலும் நன்றாக இருக்கும். விளக்குகள் மங்கி, முகத்தில் ஈரம் படுகிறது என்றால் அலாரம் வைக்காமல் தூங்குங்கள். சில நாள் நானும் ஏமாந்திருக்கிறேன், ஆனாலும் கைப்பேசி வானிலைச் செயலியைவிட இதைத்தான் நம்புவேன், அது முகட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரே பதிலைச் சொல்லும்.

மதுரை மகேஷ்:
அவள் அப்பாவிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன? எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை.

கடலோரன்:
அது எனக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது அண்ணா. அவளிடம் கேட்பதற்கு முன் அவள் அப்பாவுக்குத் தெரிவது அவளுக்குப் பிடிக்காது என்றுதான் தோன்றுகிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

கடலோரன் (பிப்ரவரி கடைசியில்):
போய் வந்தோம். சரி என்று சொல்லிவிட்டாள்!

நடந்ததை எழுதுகிறேன், அடுத்து இப்படித் தேடி வருகிறவர்களுக்கு உதவும். ஞாயிறு இரவு களைத்துப் போய்ச் சேர்ந்தோம். திங்கள் முழுக்க ஓய்வு, கடைத்தெரு, தூக்கம். அன்று இரவு தம்பி சொன்னபடி வெளியே வந்து பார்த்தேன், கீழே ஒரு விளக்குகூடத் தெரியவில்லை, கன்னமெல்லாம் ஈரம். செவ்வாயை விட்டுவிட்டேன். உள்ளுக்குள் பதற்றம், ஆனால் நாளைக்கும் இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. செவ்வாய் காலை ஏழு மணிக்குச் சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை. அன்று இரவு பார்த்தபோது விளக்குகள் பளிச்சென்று தெரிந்தன.

புதன் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். "சூரியோதயம் பார்த்துவிட்டு நடந்து இறங்கலாம்" என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். மேலே ஏற்கெனவே பன்னிரண்டு பேர், ஒரு குழு கையில் பாட்டுப் பெட்டி வேறு. நல்லவேளை அங்கே கேட்பதாக நான் நினைக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு 6.35-க்கு இறங்கத் தொடங்கினோம். மூன்றாவது வளைவில் அவளே நின்றுவிட்டாள். கீழே மேகம் பால் மாதிரி கிடந்தது, அதற்கு மேலே நாங்கள் இருவர் மட்டும். ஏதோ ஒரு தொழிலாளர் லயன் வீட்டு வரிசையிலிருந்து சேவல் கூவுகிற சத்தம் கேட்டது. முழங்கால் போட்டேன், மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை, "என்னோடயே இருந்துடுறியா" என்றுதான் வந்தது. அவள் பேசவே இல்லை, அப்படியே ரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்துத்தான் பதில் வந்தது. அதற்குள் கொழுந்து பறிக்கப் போகிற மூன்று அம்மாமார் வளைவு திரும்பி வந்துவிட்டார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

படக்காரர் வைக்கவில்லை. "படம் எடுக்க ஆள் வைத்திருக்கக் கூடாதா" என்று மாலையில் அவளே கேட்டாள், தேன்மொழி அக்கா :) அப்பா விஷயத்தில் மகேஷ் அண்ணா சொன்னபடி செய்யவில்லை. இறங்கி வந்ததும் இருவருமாகத்தான் அவருக்குப் போன் செய்தோம். "சரி" என்று மட்டும் சொன்னார், வருத்தமா சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை.

மல்லிகை:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. மோதிரம் சரியாகப் பொருந்தியதா?

கடலோரன்:
அவளுடைய பழைய மோதிரத்தை ஒரு நாள் எடுத்துப்போய் நகைக்கடையில் அளவு காட்டித்தான் செய்தேன், ஆனாலும் அங்கே தொளதொளவென்று இருந்தது. அந்தக் குளிரில் விரல் சுருங்கிவிட்டது. தேயிலைக்குள் விழுந்துவிடுமோ என்று இறங்குகிற வழி முழுக்கக் கையை மூடியே வைத்திருந்தாள். டவுனுக்கு வந்து வெயில் ஏறியதும் சரியாக உட்கார்ந்துவிட்டது.

ஊவாத் தம்பி:
வாழ்த்துகள் அண்ணா. அந்த மூன்று பேரில் ஒருவர் என் சித்தியாக இருக்கலாம், அந்த மலையில்தான் இப்போது அவருக்கு வேலை. கேட்டுச் சொல்கிறேன்.